கால் வைத்த இடத்தில் காயும் மணல்

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் எங்காவது இறங்கி, கரையோர ஈர மணலில் கால் வைத்துப் பாருங்கள். ஆண் கடல் பக்கம் அலை கொஞ்சம் வேகமாக இருக்கும். பெண் கடல் பக்கம் நிதானமாக நின்று பார்க்கலாம். அலை பின்வாங்கிய பிறகு மணல்மேல் தண்ணீர் நிற்காது. ஆனாலும் மினுமினுப்பு மட்டும் சில நொடி மிச்சமிருக்கும். அந்த நேரத்தில் அழுத்தி மிதித்தால், பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்துபோகும். காலை எடுத்தால் தடத்துக்குள் தண்ணீர் ஊறி நிற்கும்.

ஈரத் துணியையோ பஞ்சையோ அழுத்தினால் தண்ணீர் வெளியே வரும். மணலை அழுத்தினால் தண்ணீர் உள்ளே ஓடுகிறது. இதைச் சின்ன வயதில் எல்லோரும் பார்த்திருப்போம், ஏன் என்று கேட்டிருக்க மாட்டோம். 1885-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற மான்செஸ்டர் பேராசிரியர் கேட்டார். அவர் சொன்ன பதில் இதுதான்: மிதிக்கும்போது மணல் சுருங்கவில்லை, விரிகிறது. மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி கூடுகிறது. கூடிய இடத்தை நிரப்ப மேலே இருந்த தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அதனால் மேற்பரப்பு காய்ந்து தெரிகிறது.

மிதித்தால் எப்படி விரியும்? பழக்கடையில் ஆரஞ்சை அடுக்கியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசைப் பழம் ஒவ்வொன்றும் கீழ் வரிசையின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மேல் வரிசையை அப்படியே பக்கவாட்டில் தள்ள வேண்டுமென்றால், ஒவ்வொரு பழமும் தன் பள்ளத்தைவிட்டு ஏறித்தான் அடுத்த பள்ளத்துக்குப் போக முடியும். ஏறும்போது மொத்த அடுக்கும் உயரும். அலை அடித்து அடித்து நெருக்கிவைத்த கரை மணலும் அப்படிப்பட்ட அடுக்குதான். கால் கீழே அழுத்தும்போது பக்கத்து மணல் ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்குவது என்றால் ஒரு மணி வரிசை இன்னொன்றின்மேல் சறுக்குவது. இந்தச் சறுக்கலைத்தான் பொறியாளர்கள் ஷியர் என்கிறார்கள்.

இதே கரையில் இருபது அடி தள்ளி, காற்று கொண்டுவந்து கொட்டிய காய்ந்த மணலில் கால் வைத்தால் புதையும். அங்கே மணிகள் பள்ளத்தில் உட்காரவில்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏனோதானோ என்று சாய்ந்து நிற்கின்றன. தள்ளினால் அவை ஏற வேண்டியதில்லை. விழுந்து பள்ளத்தை நிரப்பினாலே போதும். அதனால் அந்த மணல் ஷியரில் சுருங்கும்.

படியால் நெல் அளந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மெதுவாகக் கொட்டி அளந்த படிக்கும் குலுக்கி அளந்த படிக்கும் கணிசமான வித்தியாசம் உண்டு. நெல் அதேதான், இடைவெளிதான் வேறு. மணலில் இந்த இடைவெளியை அளக்க ஒரு எண் இருக்கிறது. மணிகள் அடைத்துக்கொள்ளும் இடத்தோடு ஒப்பிட்டால் காலி இடம் எத்தனை பங்கு என்பதே அது. வெற்றிட விகிதம் என்று சொல்வோம். மணிகள் 100 கன செ.மீ., காலி இடம் 80 கன செ.மீ. என்றால் வெற்றிட விகிதம் 0.80.

இனி ஆய்வுக்கூடத்துக்குப் போவோம். மண் ஆய்வுக்கூடங்களில் ஷியர் பாக்ஸ் என்று ஒரு சின்ன உலோகப் பெட்டி இருக்கும். உள்ளே 6 செ.மீ.க்கு 6 செ.மீ. சதுரம். பெட்டி நடுவில் கிடைமட்டமாக இரண்டாகப் பிரிந்திருக்கும். மணலை நிரப்பி, மேலே மூடி போட்டு எடை ஏற்றுவார்கள். அப்புறம் ஒரு பாதியை மோட்டார் நிமிடத்துக்கு ஒரு மி.மீ. அளவில் மெல்ல நகர்த்தும், மறு பாதி நிற்கும். நகர்த்த எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதை ஒரு வளையம் காட்டும். மூடி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அதன்மேல் உட்கார்ந்திருக்கும் டயல் கேஜ் காட்டும். (இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கழற்ற மறந்துவிட்டு, ‘என்ன பலமான மணல் இது’ என்று மாணவர்கள் வியப்பது எல்லாக் கல்லூரியிலும் நடக்கும்.)

ஒரே வாளி மணலில் இரண்டு மாதிரி செய்வோம். நான் இங்கே எடுக்கும் எண்கள் விளக்கத்துக்கானவை. சாதாரண குவார்ட்ஸ் மணலுக்குப் பொருந்தும்படி எடுத்தவை. மணல் 2.5 செ.மீ. உயரத்துக்கு நிற்கட்டும், அப்படியானால் பெட்டியின் கொள்ளளவு 90 கன செ.மீ. முதல் மாதிரிக்குப் புனலை மணலோடு ஒட்டியபடி வைத்து, மணி உயரத்திலிருந்து விழாமல் மெதுவாகக் கொட்டுகிறோம். 129 கிராம் பிடிக்கிறது. வெற்றிட விகிதம் 0.85. இரண்டாவதை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் பெட்டியைத் தட்டித் தட்டி நெருக்குகிறோம். 149 கிராம் போகிறது, வெற்றிட விகிதம் 0.60. ஒரே பெட்டிக்குள் 20 கிராம் கூடுதல்.

இரண்டின்மேலும் 36 கிலோ எடை வைக்கிறோம். பெட்டியின் பரப்பு 36 சதுர செ.மீ. என்பதால் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ. தரைக்கடியில் ஆறு மீட்டர் ஆழத்தில் காய்ந்த மணல் உணரும் அழுத்தம் ஏறக்குறைய இதுதான்.

தளர்ந்த மாதிரியை நகர்த்தினால் விசை மெல்ல ஏறுகிறது. டயல் இறங்கிக்கொண்டே போகிறது. ஏழெட்டு மி.மீ. நகர்ந்த பிறகு விசை 23 கிலோவைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. டயலும் நின்றுவிடுகிறது.

நெருக்கிய மாதிரியின் கதை வேறு. ஆரம்பத்தில் டயல் துளி இறங்கி, உடனே திரும்பி ஏறத் தொடங்கும். விசையும் விறுவிறுவென்று ஏறி, இரண்டு மி.மீ. நகர்வதற்குள் 32 கிலோவைத் தொட்டுவிடும். அதற்குமேல் போகாது, இறங்க ஆரம்பிக்கும். டயல் ஏறுவதும் அப்போதிலிருந்து தளரும். கடைசியில் டயல் அசையாமல் நிற்கும்போது விசை எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அதே 23 கிலோ சொச்சம்.

அந்தக் கூடுதல் 9 கிலோ எங்கிருந்து வந்தது, எங்கே போனது? இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. விசை உச்சத்தில் இருந்தபோது டயலைப் பாருங்கள். ஒரு மி.மீ. நகர்ந்தால் மூடி கால் மி.மீ. ஏறியது. மூடியின்மேல் 36 கிலோ இருக்கிறது. அதைக் கால் மி.மீ. தூக்கும் வேலையை, ஒரு மி.மீ. நகர்த்தும் விசைதான் செய்தாக வேண்டும். 36-ல் கால் பங்கு 9. மிச்சமிருக்கும் 23 கிலோ சொச்சம், அதாவது 36-ஐ 0.65-ஆல் பெருக்கினால் வரும் எண், மணிகள் ஒன்றோடொன்று உரசி உருள்வதற்கான செலவு. ஆக, நெருக்கிய மணலின் கூடுதல் பலம் என்பது எடையைத் தூக்குவதற்குக் கொடுக்கும் கூலி. தூக்கி முடிந்ததும் கூலி நின்றுவிடுகிறது. மணலில் பசை எதுவும் அறுந்துபோகவில்லை. முதலிலேயே பசை இல்லை.

ஹார்வர்டில் இருந்த ஆர்தர் கசாகிராண்டே 1936-ல் கவனித்துச் சொன்னது இதன் இன்னொரு பக்கம். விசை மட்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பதில்லை, இடைவெளியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. 0.85-ல் கிளம்பிய மணல் சுருங்கி 0.80-க்கு வருகிறது. 0.60-ல் கிளம்பியது விரிந்து அதே 0.80-க்கு வருகிறது. அதற்கு மேல் எவ்வளவு நகர்த்தினாலும் விசை மாறாது, பருமன் மாறாது. மணிகள் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஏறுகிற மணிகளும் விழுகிற மணிகளும் சரிக்குச் சரியாக இருப்பதால் மொத்தத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 1958-ல் கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், ராத் மூவரும் இதை ஒரு முழுக் கோட்பாடாகக் கட்டினார்கள். கிரிட்டிகல் ஸ்டேட் என்று பெயர். பள்ளி இயற்பியலில் கிரிட்டிகல் என்பதற்கு ‘மாறுநிலை’ என்று போடுவார்கள். எதுவுமே மாறாத நிலைக்கு மாறுநிலை என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கட்டுரைக்குக் கடைநிலை என்று வைத்துக்கொள்கிறேன், மணல் கடைசியில் போய்ச் சேரும் நிலை என்ற பொருளில்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கணக்குப்படி 0.60 மாதிரி முழுவதுமாக 0.80-க்கு விரிந்தால் மூடி 3 மி.மீ.க்கு மேல் ஏற வேண்டும். உண்மையில் டயல் அவ்வளவு காட்டாது, ஒரு மி.மீ. பக்கத்திலேயே நின்றுவிடும். காரணம், பெட்டி முழுக்க இருக்கும் மணல் சறுக்குவதில்லை. நடுவில் பத்துப் பன்னிரண்டு மணி தடிமனுள்ள ஒரு மெல்லிய பட்டை மட்டும்தான் சறுக்கி விரிகிறது. மேலும் கீழும் இருக்கும் மணல் ஏறக்குறைய 0.60-லேயே சும்மா இருக்கிறது. டயலை வைத்துக் கடைநிலையின் இடைவெளியைக் கணக்கிட்டால் தப்பாக வரும் என்பதற்கும், தளர்ந்த மாதிரியில் எடுத்த அளவை அதிகம் நம்பலாம் என்பதற்கும் இதுவே காரணம்.

கடைநிலையின் உராய்வை அளக்க ஷியர் பாக்ஸ்கூடத் தேவையில்லை. காய்ந்த கடல் மணலைப் புனல் வழியே தரையில் மெதுவாகக் கொட்டிக் குவியலாக்குங்கள். சரிந்து சரிந்து, அதற்கு மேல் செங்குத்தாகாமல் ஒரு சாய்வில் நிற்கும். அடியின் ஆரம் 30 செ.மீ., உயரம் 19.5 செ.மீ. என்று வந்தால் விகிதம் 0.65, கோணம் 33 பாகை. பெட்டியில் கடைசியில் கிடைத்த 23-க்கு 36 என்ற விகிதமும் அதுதான். குவியலின் தோலில் மணல் தளர்ந்து ஓடிக்கொண்டே நிற்பதால், அது காட்டுவது கடைநிலையைத்தான். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஊற்று தோண்டுகிறவர்கள் இந்தக் கோணத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறார்கள். ஈரம் இருக்கும்வரை குழியின் சுவர் நேராக நிற்கும். வெயிலில் காய்ந்ததும் பொலபொலவென்று சரிந்து இந்தச் சாய்வுக்கு வந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் கிடைக்க மூன்று மீட்டருக்கு மேல் வாய் அகலமான குழி ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் கணக்கு இதிலேயே இருக்கிறது.

இதுவரை ‘தளர்ந்தது’, ‘நெருங்கியது’ என்று மணலின் சுபாவம்போலப் பேசிவிட்டேன். அது முழு உண்மையில்லை. 0.80 என்ற அந்த எல்லை 36 கிலோவுக்கு உரியது. எடையைக் கூட்டினால் எல்லை கீழே இறங்கும். மேலே பாரம் கூடக்கூட ஏறுவது கடினமாகிறது. மணிகள் ஏறுவதைவிட விளிம்பு உடைந்து வழிவிடவோ, பள்ளத்துக்குள் நழுவவோ பார்க்கும். நம் மணலுக்கு, பாரம் பத்தில் ஒரு பங்காக, அதாவது 3.6 கிலோவாக இருந்தால் எல்லை 0.85 என்றும், 36 கிலோவுக்கு 0.80 என்றும், 360 கிலோவுக்கு 0.77 என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது 0.82 இடைவெளியுள்ள மணலை எடுங்கள். தரைக்குக் கீழே முழங்கால் ஆழத்தில் அது விரியும். நெருங்கிய மணல்போல நடந்துகொள்ளும். ஆறு மீட்டர் ஆழத்தில் அதே மணல் சுருங்கும். மணலும் மாறவில்லை, இடைவெளியும் மாறவில்லை. எல்லைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதே அதன் நடத்தையைத் தீர்மானிக்கிறது. வெறும் அடர்த்தியை மட்டும் பார்த்து ‘இது நல்ல மணல்’ என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். கடற்கரையில் அடி மணல் எப்போதும் நீரில் ஊறித்தான் இருக்கும். மெதுவாகச் சறுக்கினால் தண்ணீர் தாராளமாக உள்ளே வந்து போகும். மேலே சொன்ன கதையே நடக்கும். வேகமாக நடந்து, தண்ணீர் தப்ப நேரமில்லாமல் போனால்தான் சிக்கல். அப்போது பருமன் மாற வழியில்லை. இடைவெளி மாறாது என்றால் வேறு எது மாறும்? மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் பாரம் மாறும்.

129 கிராம் மாதிரியையே எடுத்துக்கொள்வோம். இடைவெளி 0.85. நீரில் ஊறவைத்து, நீர் வெளியேறாமல் அடைத்துவிட்டோம். (ஷியர் பாக்ஸ் ஒழுகும். இதற்கு ரப்பர் உறைக்குள் மணலை வைத்துச் சோதிக்கும் ட்ரையாக்சியல் கருவி வேண்டும். கணக்கு எளிதாக இருக்கப் பெட்டி எண்களையே வைத்துக்கொள்கிறேன்.) 36 கிலோ ஏற்றி வேகமாகச் சறுக்குகிறோம். மணல் சுருங்கப் பார்க்கிறது, தண்ணீர் இடம் கொடுக்கவில்லை. மணிகள் விழ முயன்று ஒன்றின் பிடியிலிருந்து ஒன்று விலகுகின்றன, அவை தாங்கிய எடை தண்ணீருக்குக் கைமாறுகிறது. எதுவரை? இடைவெளி 0.85-க்கு எந்தப் பாரம் எல்லையோ அதுவரை. மேலே பார்த்தோம், 3.6 கிலோ. ஆக, 36 கிலோவில் 32.4 கிலோவைத் தண்ணீர் சுமக்கிறது. தண்ணீருக்கு உராய்வு கிடையாது. மிச்சமுள்ள 3.6 கிலோவுக்கு 0.65 என்று கணக்குப் போட்டால் மணலின் எதிர்ப்பு 2.3 கிலோ. காய்ந்திருந்தால் 23 கிலோவுக்கு மேல் கொடுத்திருக்கும் அதே மணல் இப்போது பத்தில் ஒரு பங்குதான் கொடுக்கிறது. இன்னும் கொஞ்சம் தளர்ந்திருந்தால் அதுவும் இருக்காது, மணல் கஞ்சியாகிவிடும்.

நிலநடுக்கத்தில் நடப்பது இதுதான். சில நொடிகளில் பத்து இருபது முறை குலுங்கும்போது தண்ணீர் எங்கே ஓடுவது? 1964 ஜூன் 16-ல் ஜப்பானின் நீகாடா நகரில் அடுக்குமாடி வீடுகள் பெரிதாக விரிசல்கூட விடாமல் அப்படியே சாய்ந்து படுத்தன. 2001 ஜனவரியில் கட்ச் நிலநடுக்கத்தின்போது ரண் பகுதியில் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீரும் மணலும் கொப்பளித்தன. நீகாடா சாய்ந்த அதே 1964-ன் டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். தனுஷ்கோடியை அழித்தது புயலும் அது தள்ளிவந்த கடலும்தான். மணல் கஞ்சியான கதை அது இல்லை.

நெருங்கிய மணலில் எல்லாம் தலைகீழ். அது விரியப் பார்க்கிறது. தண்ணீர் வரத் தாமதமாகிறது. இடைவெளியில் உறிஞ்சல் உண்டாகிறது. அந்த உறிஞ்சல் மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதால் மணல் முன்பைவிடக் கெட்டியாகிறது. ரெனால்ட்ஸ் இதை ஒரு ரப்பர் பையில் மணலும் நீரும் நிரப்பிக் காட்டினார். வீட்டில் பலூனை வைத்துச் செய்யலாம். பலூனில் மணலை நிரப்பி, தண்ணீர் ஊற்றி, தட்டி நெருக்கி, காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டு, வாயில் ஒரு கண்ணாடிபோன்ற ஸ்ட்ராவைச் செருகிக் கட்டுங்கள். ஸ்ட்ராவில் பாதிவரை தண்ணீர் தெரிய வேண்டும். பலூனைப் பிசைந்தால் ஸ்ட்ராவில் தண்ணீர் ஏறும் என்றுதான் யாரும் பந்தயம் கட்டுவார்கள். இறங்கும். தட்டாமல் பொலபொலவென்று நிரப்பிய பலூனைப் பிசைந்தால் ஏறும். ஒரே மணலில் இரண்டு பலூன் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிசைந்தால், மேலே எழுதியதில் பாதியை நான் எழுதியிருக்கவே வேண்டாம்.

இந்தக் கணக்கை இந்தக் கடற்கரை முழுவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் மணலில் சிப்பியும் பவளத் துண்டும் நிறைய கலந்திருக்கும். அந்த மணிகள் கோணல்மாணலானவை. உராய்வு குவார்ட்ஸ் மணலைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் மணிக்குள்ளேயே துளை உண்டு, பாரம் ஏறினால் நொறுங்கும். நொறுங்கினால் மணியின் அளவே மாறிவிடுகிறது, எல்லையும் சேர்ந்து இறங்குகிறது. குவார்ட்ஸ் மணலில் பெரிய பாரத்துக்குத்தான் தெரியும் சுருக்கம் இங்கே சின்னப் பாரத்திலேயே தலைகாட்டும்.

முனைவரை தார்ச்சாலை வருவதற்கு முன், தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன்கள் மணலிலேயேதான் ஓடின. கடற்கரை மணலில் வண்டி ஓட்டிய யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்: ஈர மணலில் ஓட்டு, நிறுத்தாதே. ஓடும் சக்கரம் நெருங்கிய ஈர மணலை மிதித்து விரியவைக்கிறது. உறிஞ்சல் பிடித்துக்கொள்கிறது. அடுத்த நொடி சக்கரம் அங்கே இல்லை. நிறுத்தினால் தண்ணீர் நிதானமாக உள்ளே வந்து உறிஞ்சலைத் தீர்த்துவிடும். அந்த நிலையில் கிளப்பச் சக்கரத்தைச் சுழற்றினால், விரிந்து தளர்ந்துவிட்ட மணலைத்தான் அது அரைக்கிறது. அடியில் தண்ணீர், இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை.

முதலில் சொன்ன ஈர மணலுக்கே திரும்பிப் போய் இதையும் பார்த்துவிடலாம். மிதித்ததும் வெளுத்த மணல்மேல் அசையாமல் நில்லுங்கள். சில நொடிகளில் பாதத்தைச் சுற்றி மினுமினுப்பு மெல்லத் திரும்பி வரும். இப்போது அதே இடத்தில் குதிகாலால் படபடவென்று தட்டுங்கள். முதல் மிதிக்குக் கெட்டியாக நின்ற மணல், பத்துப் பதினைந்து தட்டுக்குள் தளதளவென்று ஆடும், கால் இறங்கும்.